61 எழுத்துதான், ஆனால் 90 குறி: தமிழ் எஸ்எம்எஸ் ஏன் இரண்டாக உடைகிறது?

கேள்வி: "கீழே உள்ள செய்தியை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரே எஸ்எம்எஸ். தமிழில் அடித்தால் இரண்டு என்று காட்டுகிறது. தமிழுக்கு 70 எழுத்து வரை போகலாம் என்கிறார்கள். நான் இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து இரண்டு தடவை எண்ணிவிட்டேன், 61தான் வருகிறது. அப்புறம் ஏன் இரண்டு?"

```
வணக்கம். உங்கள் மருத்துவர் சந்திப்பு நாளை காலை 10.30 மணிக்கு. பழைய சீட்டைக் கொண்டு வரவும்.
```

உங்கள் எண்ணிக்கை சரி. நானும் எண்ணிப் பார்த்தேன், 61தான். உங்களுக்குச் சொல்லப்பட்ட 70 என்ற எல்லையும் சரி. இரண்டும் சரியாக இருந்தும் விடை தப்பாக வரக் காரணம், இரண்டும் ஒரே பொருளை எண்ணவில்லை என்பதுதான். நீங்கள் எண்ணியது எழுத்து. அந்த 70 என்பது யூனிகோடு குறிகளின் எண்ணிக்கை. நிறுவனங்களின் செய்திகளை போன் வலைப்பின்னலுக்குக் கடத்தும் எஸ்எம்எஸ் கேட்வேயில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தமிழில் செய்தி அனுப்பத் தொடங்கும் ஏறக்குறைய எல்லோரும் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். நமக்கு "க்" என்பது ஓர் எழுத்து. "கி" ஓர் எழுத்து, "கொ" ஓர் எழுத்து. யூனிகோடில் அப்படி இல்லை. அங்கே "க" என்ற அகரமேறிய மெய்க்கு ஒரு குறி, மேலே வைக்கும் புள்ளிக்குத் தனியாக ஒரு குறி, கால், கொம்பு, சுழி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி. "க்" என்று ஓர் எழுத்தை அடித்தால் உள்ளே போவது இது:

```
0B95 0BCD
```

முதலாவது க, இரண்டாவது புள்ளி. ஆக, உயிரெழுத்தும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும் மட்டுமே ஒரு குறியில் அடங்கும். மெய்யெழுத்து என்றால் இரண்டு குறி. மற்ற உயிர்மெய் எல்லாம் இரண்டு குறி. "க்ஷ" என்று எழுதினால் மூன்று, "ஸ்ரீ" நான்கு. உங்கள் செய்தியின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து. குறிகளாகப் பிரித்தால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. "சந்திப்பு" நமக்கு ஐந்து, குறிக் கணக்கில் ஒன்பது. "மருத்துவர்" ஆறு, அது பத்தாகிறது. இப்படியே கடைசி வரை கூட்டினால் உங்கள் 61 எழுத்து 90 குறிகளாகிறது. 70ஐத் தாண்டிவிட்டது, அதனால் இரண்டு.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் 70 என்பது எங்கிருந்து வந்தது, ஆங்கில எழுத்துக்கு மட்டும் ஏன் 160 என்று தெரிந்துகொண்டால்தான் மற்ற விசித்திரங்கள் புரியும்.

ஓர் எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட இடம் 140 பைட். அழைப்புகளை இணைக்கவும் துண்டிக்கவும் வலைப்பின்னல் தனக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞைத் தடத்தில் இந்தச் செய்திகள் பயணம் செய்யும்படி 1980களில் வடிவமைத்தார்கள். அந்தத் தடத்தில் பெரிய பொதி எதையும் ஏற்ற முடியாது. 140 பைட் என்றால் 1120 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்தால் 1120ஐ 7ஆல் வகுத்து 160. 7 பிட்டில் 128 வெவ்வேறு குறிகளைத்தான் காட்ட முடியும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், நிறுத்தக் குறிகள், சில ஐரோப்பிய எழுத்துகள், கிரேக்கப் பெரிய எழுத்துகளில் சில, இவற்றோடு அந்த 128 நிரம்பிவிட்டது. தமிழுக்கு அதில் இடமே இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாத எழுத்தை அனுப்ப வேண்டுமென்றால், பொதுவாக ஒரு குறிக்கு 16 பிட் எடுக்கும் யூனிகோடு முறைக்கு மாற வேண்டும். 1120ஐ 16ஆல் வகுத்தால் 70.

உங்கள் செய்தியை ஆங்கில எழுத்தில் அடித்தால் என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கே பிடித்த ஒரு விஷயம் அதில் தெரிந்தது.

```
Vanakkam. Ungal maruthuvar santhippu naalai kaalai 10.30 manikku. Pazhaiya seettaik kondu varavum.
```

இதில் இருப்பது 98 எழுத்து. தமிழில் 90 குறிதான். குறிகளை வைத்துப் பார்த்தாலும் தமிழ்தான் சிக்கனம்! ஆனால் 98ஐ 7ஆல் பெருக்கினால் 686 பிட், 1120க்குள் தாராளமாக அடங்குகிறது. 90ஐ 16ஆல் பெருக்கினால் 1440 பிட், அடங்கவில்லை. தமிழ் வளவளவென்று நீளுகிறது, அதனால்தான் செலவு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையில்லை. ஒவ்வொரு குறிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் பிட் கேட்கும் முறைதான் காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் தமிழ்ச் செய்தியில் இருக்கும் "10.30" என்ற ஐந்து குறிகளும், எல்லா இடைவெளிகளும்கூட 16 பிட்தான் எடுக்கின்றன. எண்ணுக்கு 7 பிட், தமிழுக்கு 16 பிட் என்று கலந்து வைக்க வழி இல்லை. ஏனென்றால் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதைச் சொல்ல ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் ஒரே ஒரு பைட்தான் இருக்கிறது. கேட்வே பதிவுகளில் அது `DCS` என்று தெரியும். மதிப்பு `00` என்றால் 7 பிட், `08` என்றால் 16 பிட். அந்த ஒரு பைட் முழுச் செய்திக்கும் பொருந்தும். இதனால் வரும் விளைவு பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 140 எழுத்து நீளமுள்ள ஆங்கிலச் செய்தி ஒன்று, ஒரே எஸ்எம்எஸ்ஸாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்பாக இருக்கட்டும் என்று கடைசியில் ஓர் இடைவெளி விட்டு "நன்றி" சேர்க்கிறீர்கள். கூடியது ஆறு குறிதான், மொத்தம் 146. ஆனால் முழுச் செய்தியும் 16 பிட்டுக்கு மாறிவிடும், ஒரே எஸ்எம்எஸ் மூன்றாகிவிடும். ஆங்கிலம் மட்டுமே எழுதுபவர்களுக்கும் இது நடக்கும். ஆவணத்திலிருந்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறியோ நீளமான கோடோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் போதும்.

மூன்று எப்படி வந்தது? 146 என்பது 70க்கு மேல், 140க்கும் மேல், அதனால் மூன்று என்று நினைப்பீர்கள். விடை சரிதான், ஆனால் எல்லை 140 இல்லை, 134. செய்தி ஒன்றுக்கு மேல் பகுதியாகப் பிரிந்தால், வந்து சேரும் போன் அவற்றை ஒட்டுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளத்தை ஒவ்வொரு பகுதியின் முன்னாலும் வைக்கிறார்கள், அதுவும் அந்த 140 பைட்டுக்குள்ளேயே. உங்கள் செய்தியின் இரண்டு பகுதிகளுக்கும் அது இப்படி இருக்கும்:

```
05 00 03 A7 02 01
05 00 03 A7 02 02
```

`05` என்பது இதற்குப் பின்னால் ஐந்து பைட் அடையாளம் வருகிறது என்பதற்கு. `00` இது பகுதிகளை இணைக்கும் அடையாளம் என்பதற்கு. `03` மேலும் மூன்று பைட் என்பதற்கு. `A7` இந்தச் செய்திக்கு அனுப்புபவர் கொடுத்த எண், இரண்டு பகுதியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தது மொத்தம் எத்தனை பகுதி, கடைசி இது எத்தனையாவது. ஆக மொத்தம் ஆறு பைட் போய்விடுகிறது. மீதி 134 பைட், அதில் 67 தமிழ்க் குறி. ஆங்கில எழுத்தில் 160 என்பது 153ஆகக் குறைகிறது. எனவே தமிழில் 70 வரை ஒன்று, 134 வரை இரண்டு, 201 வரை மூன்று. செய்திக்குக் கொடுக்கும் எண்ணை ஒரு பைட்டுக்குப் பதில் இரண்டு பைட்டாக வைக்கும் கேட்வேக்களும் உண்டு. அங்கே 67 என்பது 66 ஆகும். உங்கள் கணக்கும் எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் நிறுவனத்தின் கணக்கும் எல்லைக்கு அருகில் ஒத்துப்போகவில்லை என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் செய்தியில் 67ஆவது குறி எது தெரியுமா? "பழைய" என்பதற்குப் பின்னால் வரும் இடைவெளி. முதல் பகுதி அங்கே முடிகிறது, "சீட்டைக் கொண்டு வரவும்." என்ற 23 குறிகள் இரண்டாம் பகுதியில் போகின்றன. சொல்லின் நடுவில் வெட்டு விழுந்திருந்தாலும் பாதகமில்லை, போன் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும்.

இந்த அடையாளத்தை வைக்காமல் வெறுமனே வெட்டி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்காகச் செய்த வேலையில், அவர்களுடைய பழைய மென்பொருள் 70 குறிக்கு ஒரு வெட்டு என்று வெட்டித் தனித்தனிச் செய்திகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் சோதித்தபோது சொல் பாதியில் நின்றதே தவிர, படிக்க முடிந்தது. தமிழில் எழுத்தே பாதியில் அறுந்தது. உங்கள் செய்தியை அப்படி வெட்டினால் 70ஆவது குறி "சீட்டை" என்பதன் முதல் ட. அதற்கு உரிய புள்ளி 71ஆவது. முதல் செய்தி "சீட" என்று முடியும். இரண்டாவது செய்தி ஒரு அநாதைப் புள்ளியோடு தொடங்கும். மேலே நிற்க மெய் இல்லாததால் பல போன்கள் அந்தப் புள்ளியைப் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டத்தின் மேல் வைத்துக் காட்டும். செய்தியின் தொடக்கத்தில் அந்த வட்டத்தைப் பார்த்தால், யாரோ அடையாளம் வைக்காமல் வெட்டியிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். செய்தி முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால் அது வேறு கோளாறு: தமிழை 7 பிட்டில் திணிக்கப் பார்த்திருக்கிறார்கள், வழியில் `DCS` தவறாகப் போயிருக்கிறது.

சரி, 90 என்பதை ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ண முடியாது. கண்ணால் எண்ணுவதை நம்பவும் முடியாது. "கொ" என்ற எழுத்தையே பாருங்கள். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக அதை அடிக்கலாம், அப்போது மொத்தம் இரண்டு. சில எழுத்துரு மாற்றிகள் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைக்கும், அப்போது மூன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இதுபோகக் கண்ணுக்கே தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகளும் ஒட்டும்போது உள்ளே வந்துவிடுவதுண்டு. எமோஜி பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு இடம் பிடிக்கும், சிலது அதற்கும் மேல். அதனால் இயந்திரத்தையே எண்ணச் சொல்லுங்கள். உங்கள் செய்தியை `s` என்பதில் வைத்துக்கொண்டால், பைத்தானில் இவ்வளவுதான்:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
print(len(s.encode("utf-16-be")) // 2)
```

நடு வரி, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத குறிகளை அது நீக்காது, அவற்றை நீங்கள் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். கடைசி வரியில் `utf-8` என்று போட்டு பைட் எண்ணுபவர்கள் உண்டு. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், விடை எஸ்எம்எஸ்ஸுக்குச் சம்பந்தமில்லாததாக வரும்.

தமிழை 7 பிட்டில் அனுப்பவே முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். தரநிலையில் முடியும். கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் வெளியீடு 9இல் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குத் தனி 7 பிட் அட்டவணைகள் சேர்க்கப்பட்டன, அதில் தமிழின் எண் 11. துருக்கிய மொழி அதற்கு முந்தைய வெளியீட்டிலேயே வந்துவிட்டது. செய்தியின் முன்னால் "இது தமிழ் அட்டவணை" என்று சொல்ல நான்கு பைட் போகும், மீதியில் 155 குறி அடங்கும். உங்கள் 90 குறிச் செய்தி ஒரே எஸ்எம்எஸ்ஸில் போய்விடும். சிக்கல் என்னவென்றால், அனுப்பும் இடம், கேட்வே, வாங்கும் போன் மூன்றுக்கும் அந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். தெரியாத போன் அந்த நான்கு பைட்டைப் புறக்கணித்துவிட்டு, மீதியை வழக்கமான 7 பிட் பட்டியலில் படிக்கும். படிப்பவருக்குக் கிடைப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். எதிரில் இருப்பது என்ன போன் என்று தெரியாத நிலையில் யாருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். "க்", "கி" எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரே 16 பிட் குறி கொடுக்கும் டேஸ்16 என்ற முறையும் உண்டு, 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்து அதையும் ஏற்றது. அந்த முறையில் உங்கள் செய்தி நீங்கள் எண்ணியபடியே 61ஆக, 70க்குள் நின்றிருக்கும். ஆனால் போன்கள் அறிந்தது யூனிகோடு மட்டும்தான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான் உறுதி. வலைப்பின்னலில் ஒவ்வொரு பகுதியும் தனி எஸ்எம்எஸ்ஸாகத்தான் பயணம் செய்கிறது. பொதுவாகப் பணமும் பகுதிக் கணக்கில்தான் எடுப்பார்கள், ஆனால் அதை முடிவு செய்வது உங்கள் ஒப்பந்தம். ஒரு பகுதி மட்டும் தாமதமானால் சில போன்கள் அது வரும் வரை காத்திருக்கும், சில வந்ததை மட்டும் காட்டும்.

இனி உங்கள் செய்தியைச் சுருக்குவது பற்றி. "சீட்டைக்" என்பதில் உள்ள க்-ஐ எடுத்துவிட்டு "சீட்டை கொண்டு" என்று எழுதினால் இரண்டு குறி மிச்சம்தான். ஆனால் 88ம் இரண்டு பகுதிதான், ஒற்றெழுத்தைப் பலி கொடுத்து ஒரு பயனும் இல்லை. எல்லைக்குக் கீழே கொண்டுவர 20 குறி குறைய வேண்டும். "வணக்கம்." அதன் இடைவெளியோடு 9, "உங்கள்" 7, "பழைய" 5. மூன்றையும் எடுத்தால் இப்படி ஆகும்:

```
மருத்துவர் சந்திப்பு நாளை காலை 10.30 மணிக்கு. சீட்டைக் கொண்டு வரவும்.
```

69 குறி, ஒரே எஸ்எம்எஸ். ஆயிரக்கணக்கில் அனுப்புகிறீர்கள் என்றால் செலவு பாதியாகும், வணக்கத்தையும் "உங்கள்" என்பதையும் விடலாம், அர்த்தம் கெடாது. "பழைய" என்பதை எடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்தச் சீட்டு என்று தெரியாமல் வருபவர் கையை விரித்துக்கொண்டு நிற்பார். அதை வைத்துக்கொண்டு வேறு எதையாவது குறைக்க வேண்டும். "காலை" என்பதை எடுத்தாலும் இடைவெளியோடு அதே 5 குறிதான் மிச்சமாகும். மருத்துவர் மாலையில் பார்ப்பதில்லை என்றால் 10.30 எந்த நேரம் என்று யாருக்கும் சந்தேகம் வராது. "பழைய" உள்ளே, "காலை" வெளியே, அப்போதும் 69.